நான்கு லாவான்: எதற்குத் தலைவணங்குகிறோம்?

கேள்வி: என் அப்பா அம்மா பஞ்சாபிகள். நான் பிறந்து வளர்ந்தது சென்னையில். பஞ்சாபி பேசுவேன், ஆனால் குர்முகியை எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன்; தமிழ்தான் சரளம். தை மாதம் அமிர்தசரஸ் பக்கத்தில் ஒரு கிராமத்து குருத்வாராவில் எனக்குக் கல்யாணம். சீக்கியர் புனித நூலான குரு கிரந்த் சாகிபை நாலு முறை சுற்றும்போது பாடும் நாலு பாட்டுக்கும் என்ன அர்த்தம் என்று கேட்டால், ஒருவர் அறம் பொருள் இன்பம் வீடு என்கிறார், இன்னொருவர் நாலு சத்தியம் என்கிறார். மூன்றாவதில் வைராக்கியம் வருகிறதாம். கல்யாணத்தில் எதற்குத் துறவு? நான் அவர் பின்னால் நடக்க வேண்டும் என்பதும் உறுத்துகிறது. தலைவணங்கினால் சம்மதம் என்றார்கள். எதற்குச் சம்மதிக்கிறேன் என்று தெரிந்து வணங்க ஆசை.
— வாசகி, சென்னை

பதில்:

முதலில் அந்த நாலு சத்தியத்தை எடுத்துவிடலாம். அந்த நாலு பாட்டுக்குத்தான் லாவான் என்று பெயர். லாவானில் சத்தியமே கிடையாது. மணமகனோ மணமகளோ வாய் திறந்து ஒருவருக்கொருவர் சொல்லும் வாக்குறுதி ஒரு வரிகூட இல்லை. அறம் பொருள் இன்பம் வீடு என்பதும் இந்தப் பாடல்களில் இல்லை. அது குஜராத்தில் அக்கினியை நாலு முறை வலம்வரும் இந்துத் திருமணங்களுக்குச் சொல்லும் விளக்கம். எண்ணிக்கை ஒத்துப்போனதால் யாரோ இங்கே கொண்டுவந்து ஒட்டியிருக்கிறார்கள்.

லாவான் நான்காம் குருவான குரு ராம்தாஸ் பாடியது. சூஹி ராகத்தில், குரு கிரந்த் சாகிபின் 773, 774ஆம் பக்கங்களில் இருக்கிறது. அவர் 1574 முதல் 1581 வரை குருவாக இருந்தவர். நீங்கள் கல்யாணத்துக்குப் போகும் அமிர்தசரஸை ராம்தாஸ்பூர் என்ற பெயரில் நிறுவியவர் அவர்தான். மூன்றாம் குரு அமர்தாஸின் மகள் பீபி பானியை மணந்து குடும்பம் நடத்தியவர். இதை ஏன் சொல்கிறேன் என்றால், முதல் பாடலைப் படிக்கும்போது பாடியவர் ஒரு இல்லறத்தார் என்பது நினைவில் இருக்க வேண்டும்.

இந்தப் பாடல்களில் வரும் மணமகள் யார் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. அவள் நீங்கள் மட்டும் அல்ல. உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மாப்பிள்ளையும் மணமகள்தான். மணாளன் இறைவன் ஒருவனே. நம்மாழ்வார் பராங்குச நாயகியாகி அழுததைத் தமிழில் படித்தவருக்கு இதைப் புரிந்துகொள்வது கஷ்டமில்லை. பாடியவர் ஆண், பாட்டில் பேசும் குரல் பெண்ணுடையது, காதலன் கடவுள். லாவானும் அந்த வகைதான். ஆகவே "கணவனே கடவுள்" என்று நாலு முறை ஒப்புக்கொள்ளப் போகிறோமோ என்ற பயம் இருந்தால் விட்டுவிடுங்கள். நாலு பாடலிலும் உங்கள் கணவராகப் போகிறவரை 'நாதா' என்று விளிக்கும் இடம் ஒன்றுகூடக் கிடையாது. நாலும் இருவரையும் சேர்த்தே ஒரு வழியில் நடத்திக்கொண்டு போகின்றன.

சடங்கின் வரிசையைக் கொஞ்சம் பார்ப்போம். 1945இல் சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டி ஏற்ற ரஹித் மரியாதா என்ற சீக்கிய நடத்தை விதித்தொகுப்பில் இது எழுதப்பட்டிருக்கிறது. நீங்கள் மணமகனுக்கு இடப்பக்கம் உட்காருவீர்கள். உங்கள் இருவரையும் இருவரின் பெற்றோரையும் எழுந்து நிற்கச் சொல்லி அர்தாஸ் என்ற பிரார்த்தனை செய்வார்கள். பிறகு நடத்திவைப்பவர் இல்லறக் கடமைகளைப் பற்றிச் சில வார்த்தை பேசுவார். அதைக் கேட்டு நீங்கள் இருவரும் குரு கிரந்த் சாகிபை வணங்குகிறீர்களே, சம்மதத்துக்கான வணக்கம் அதுதான். சுற்றுகள் இன்னும் தொடங்கியிருக்காது. அந்தப் பேச்சு பஞ்சாபியில் இருக்கும் என்பதால் உங்களுக்குச் சிக்கல் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் புடவைக்கடை பில்லைப் பற்றிப் பின்னால் யாராவது பேசிக்கொண்டிருப்பார்கள்; காதைக் கொடுத்துக் கேளுங்கள்.

அந்தப் பேச்சில் அநேகமாகக் குரு அமர்தாஸின் ஒரு சுலோகம் வரும். அதே சூஹி ராகத்தில், 788ஆம் பக்கத்தில் உள்ளது. சும்மா சேர்ந்து உட்கார்ந்திருப்பவர்களைக் கணவன் மனைவி என்று சொல்வதில்லை, இரண்டு உருவில் ஒரே ஒளியாக இருப்பவர்களே கணவன் மனைவி என்பது அதன் பொருள். 'ஏக் ஜோத் தோயே மூர்த்தி' என்று கேட்டதும் அடையாளம் தெரிந்துகொள்வீர்கள். தம்பதியின் உறவைப் பற்றி நேரடியாகப் பேசும் வரி இதுதான். லாவான் அந்த ஒளியின் பக்கமாக நடத்துகிறது.

அடுத்து உங்கள் அப்பா மாப்பிள்ளையின் தோளில் கிடக்கும் பல்லா என்ற நீளத் துணியின் முனையை எடுத்து உங்கள் கையில் கொடுப்பார். அப்போது ராகிகள் என்ற பாடகர்கள் குரு அர்ஜனின் 'பல்லை தைண்டை லாகி' பாடுவார்கள். புகழையும் இகழையும் விட்டேன், உறவெல்லாம் பொய்யெனக் கண்டேன், உன் முந்தானையைப் பற்றினேன் என்கிற பாட்டு. அதில் பிடிப்பது இறைவனின் முந்தானையை. கையில் இருப்பது மாப்பிள்ளையின் துணி, பாட்டில் ஒலிப்பது வேறொருவரின் முந்தானை. சடங்கு முழுக்க இந்த இரண்டு அடுக்கும் சேர்ந்தே ஓடும்.

ஒவ்வொரு லாவானும் இரண்டு முறை காதில் விழும். முதலில் குரு கிரந்த் சாகிபின் முன் அமர்ந்திருக்கும் கிரந்தி அதை வாசிப்பார். அதைக் கேட்டபின் நடக்கத் தொடங்கும்போது ராகிகள் அதையே பாடுவார்கள். நீங்கள் வலம்வருவது பாட்டோடு. ஒரு சுற்று முடிந்ததும் வணங்கிவிட்டு எழுந்து நின்று அடுத்ததைக் கேட்க வேண்டும் என்பது எழுதிய முறை. பல ஊர்களில் உட்கார வைத்துவிடுகிறார்கள். எப்படியானாலும் வாசிக்கும் நேரம் அசையாமல் கேட்பதற்கான நேரம். பாடலை மனசில் வாங்கிக்கொள்ள உங்களுக்குக் கிடைக்கும் வாய்ப்பு அங்கேதான் இருக்கிறது.

முதல் லாவான் 'பர்விர்த்தி கரம்' என்று தொடங்குகிறது. உலகத்துக்குள் இருந்துகொண்டே செய்யும் வேலைகள், அதாவது பிரவிருத்தி. காட்டுக்குப் போவதல்ல, வீட்டில் இருப்பது. குருநானக்கின் மூத்த மகன் ஸ்ரீசந்த் துறவியாகவே இருந்தவர். குருபீடம் அவருக்குப் போகாமல் குடும்பஸ்தரான லஹணாவுக்குப் போயிற்று. அவர்தான் குரு அங்கத். இல்லறத்தை இரண்டாந்தரமாகப் பார்க்காத மரபு என்பதற்கு இதைவிட என்ன வேண்டும். அந்த மரபின் கல்யாணப் பாட்டு முதல் அடியிலேயே கடமையில் தொடங்குவதில் ஆச்சரியம் இல்லை.

அடுத்த அடி, 'பாணியே உனக்குப் பிரம்மா, பாணியே வேதம்' என்கிறது. குருமார்களின் வாக்கைத்தான் பாணி என்கிறார்கள். அக்கினியும் புரோகிதரும் வேத மந்திரமும் நிறைந்த கல்யாணங்களுக்கு நடுவே எழுந்த வரி இது. பிறகும் நெடுங்காலம் சீக்கியக் குடும்பங்களில் அக்கினி வலம் இருந்துகொண்டுதான் இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ராவல்பிண்டியின் நிரங்காரிகள் என்ற சீக்கியச் சீர்திருத்தக் குழுவினர் குரு கிரந்த் சாகிபை மட்டும் வலம்வரும் முறையை வலியுறுத்த, 1909இல் ஆனந்த் திருமணச் சட்டம் அதைச் சட்டப்படி செல்லுபடியாக்கியது. வரி சொல்வதற்கும் ஊர் கேட்பதற்கும் நடுவே இத்தனை காலம்.

முதல் பாடல் தம்பதியிடம் கேட்பதைச் சுருக்கமாகச் சொன்னால்: அறத்தில் நில், பாவத்தை விடு, நாமத்தை நினை, குருவை வணங்கு. நேர்மையாகச் சம்பாதிப்பதும் பகிர்ந்து உண்பதும் நாமத்தை நினைப்பதும் சீக்கியர் சிறுவயதிலிருந்து கேட்பவை. அவை இனி இரண்டு பேர் சேர்ந்து நடத்தும் ஒரு வீட்டின் சட்டமாகின்றன. கடைசி அடி, காரியம் தொடங்கிவிட்டது என்று மட்டும் சொல்கிறது.

இரண்டாவதில் சத்குருவைச் சந்திக்கிறாள் மணமகள். அங்கே 'பயமற்றவனிடம் கொண்ட பயத்தால் மனம் பயம் நீங்குகிறது, நான் என்னும் அழுக்கு போகிறது' என்று ஒரு வரி வரும். பயம் என்ற சொல்லைக் கேட்டதும் புருஷனுக்கு அடங்கிப் போ என்று அர்த்தம் பண்ணும் பெரியவர்கள் இருக்கிறார்கள். தப்பு. அந்தப் பயம் யாரிடம் என்று பாட்டு வெளிப்படையாகச் சொல்கிறது: பயமே இல்லாத அந்த ஒருவனிடம். 'நிர்மல் பௌ', களங்கமில்லாத பயபக்தி. அது வந்த இடத்தில் மற்ற பயங்களுக்கு இடமில்லை.

உங்கள் நிலைமையிலேயே வைத்துப் பார்ப்போம். கல்யாணத்துக்குப் பிறகு உங்கள் சம்பளத்தில் ஒரு பங்கைச் சென்னையில் இருக்கும் பெற்றோருக்கு அனுப்ப நினைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாமியார் என்ன நினைப்பாரோ என்று சொல்லாமல் அனுப்பினால் அது பயம். "என் சம்பளம், என் இஷ்டம், யாரிடம் கேட்க வேண்டும்?" என்று முகத்தில் அடித்தாற்போல் சொன்னால் அது நான் என்னும் அழுக்கு, பஞ்சாபியில் ஹவுமை. அவர் பக்கமும் இதே கதைதான். அம்மாவிடம் பேசத் தயங்கி வாயை மூடிக்கொண்டால் பயம், "எங்கள் வீட்டு வழக்கம் இது இல்லை" என்று முடித்துவிட்டால் ஹவுமை. பெற்றோரைப் பார்த்துக்கொள்வது முதல் பாடல் கேட்ட கடமையில் சேர்ந்தது. அதைப் பயமும் அகங்காரமும் இல்லாமல் ஒரு மேசையில் உட்கார்ந்து பேசி முடிப்பது இரண்டாவது கேட்பது. உள்ளேயும் வெளியேயும் அவன் ஒருவனே, இங்கேயே பார்த்துக்கொண்டிருக்கிறான் என்ற வரிகளும் இந்தப் பாடலில்தான் வருகின்றன. ஒளித்து அனுப்பும் பணத்துக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

இப்போது நீங்கள் கேட்ட மூன்றாவது. 'மன் சாவ் பயா பைராகியா' என்பது அதன் தொடக்கம். சாவ் என்றால் ஆவல், துடிப்பு. மனசில் ஆவல் பொங்குகிறது, அதுவும் பற்று நீங்கியவரின் ஆவல். உங்களைக் குழப்பிய பைராக் இதுதான். தமிழில் வைராக்கியம் என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கும் பிடிவாதம் நினைவுக்கு வரும். அதை இங்கே கொண்டுவர வேண்டாம். வழியனுப்பும் நேரத்தில் கண் கலங்கி நிற்பவரைப் பார்த்து பஞ்சாபியில் "பைராக் வந்துவிட்டது" என்பார்களே, உங்கள் வீட்டிலும் கேட்டிருப்பீர்கள். அந்த ஏக்கம் இதில் இருக்கிறது. வீட்டைத் துறக்கச் சொல்லும் பேச்சு இல்லை. முதல் பாடலில் வீட்டுக்குள் உட்கார வைத்தவர் மூன்றாவதில் வெளியே துரத்த மாட்டார். இறைவன்மேல் ஆசை கூடக்கூட மற்றவற்றின்மேல் உள்ள பிடி தளர்கிறது. அந்தத் தளர்வுதான் இங்கே பைராக்.

கல்யாண வீட்டில் இது பொருந்துமா என்றால், நாலில் மிகவும் பொருந்துவது இதுதான் என்பேன். புதுத் தம்பதி ஒருவரையொருவர் முழு உலகமாக ஆக்கிக்கொள்ளும் காலம் அது. போன் எடுக்கவில்லை என்றால் சண்டை, நண்பரைப் பார்க்கப் போனால் முகம் தூக்கல். ஒரு மனிதர் இன்னொரு மனிதரின் எல்லாத் தாகத்தையும் தீர்த்துவிட முடியும் என்ற எதிர்பார்ப்பில் பிறக்கும் சண்டைகள் இவை. மூன்றாவது லாவான் அந்தத் தாகத்தை அதற்குரிய இடத்துக்குத் திருப்புகிறது. அவர் உங்களுக்குத் துணை. உங்கள் கடவுள் இல்லை. நீங்களும் அவருக்கு அப்படியே.

அதே பாடல் இன்னொன்றையும் விடாமல் சொல்கிறது: அடியார் கூட்டம். 'சந்த் ஜனா' என்று இரண்டு முறை வருகிறது. நல்லோரோடு சேர்ந்துதான் இறைவனை அடைகிறாள், அவர்களோடுதான் சொல்லமுடியாத அந்தக் கதையைப் பேசுகிறாள். நடைமுறையில் இது சங்கத் என்ற அடியார் கூட்டத்துக்குப் போவது, குருத்வாராவின் பொதுச் சமையலறையான லங்கரில் ரொட்டி சுடப் போய் நிற்பது, வீட்டுக் கதவை இரண்டு பேருக்கு மட்டும் என்று சாத்திக்கொள்ளாமல் இருப்பது. ஊர் மாறிப் போகும் உங்களுக்கு இது கைகொடுக்கும். புகுந்த ஊரில் மாமியார் வீட்டு வழியாக வராத உறவுகள் உங்களுக்குக் கிடைக்கும் இடம் அந்த கிராமத்து குருத்வாராவாகவே இருக்கலாம்.

நான்காவதில் மனம் சஹஜத்தில் அமர்கிறது. முயற்சி தெரியாத இயல்பான அமைதி. இறைவன் மனசுக்கும் உடம்புக்கும் இனிக்கிறான், நினைத்தது கைகூடியது, நாமத்தால் மணமகளின் இதயம் மலர்ந்தது. பாடல் முடிவது 'பிரப் அவினாசி' என்று: அழிவில்லாத மணாளனை அடைந்தாள். அந்த மணாளன் உங்கள் மாப்பிள்ளை இல்லை என்பதற்கு இந்த ஒரு சொல் போதும். மனிதர் யாரும் அழிவில்லாதவர் கிடையாது.

இதற்கு நடைமுறையில் ஒரு விளைவும் உண்டு. கணவன் இறந்தால் மனைவியின் வாழ்வும் முடிந்தது என்ற எண்ணத்துக்கு இந்த மரபு இடம் கொடுக்கவில்லை. லாவானுக்குச் சில பக்கங்கள் தள்ளி, 787இல், கணவனின் சிதையில் எரிபவர்களைச் சதி என்று சொல்வதில்லை என்கிறார் குரு அமர்தாஸ். கைம்பெண்ணுக்கு மறுமணம் உண்டு, அதுவும் ஆனந்த் காரஜ் என்ற இதே திருமண முறையில் என்று ரஹித் மரியாதாவிலும் இருக்கிறது. கல்யாணத்துக்கு முன்னால் இதைச் சொல்ல வேண்டுமா என்று உங்கள் அத்தை கோபித்துக்கொள்வார். சொல்லாமல் நான்காவது லாவானை விளக்க முடியாது.

சரி, பின்னால் நடப்பது. மணமகன் முன்னே, மணமகள் பல்லாவைப் பிடித்துக்கொண்டு பின்னே என்பது ரஹித் மரியாதாவில் எழுதியிருக்கிறது. லாவான் பாடல்களில் இல்லை. நாலு பாடலையும் வரிவரியாகத் தேடினாலும் யார் முன்னால், யார் பின்னால் என்ற பேச்சே வராது. இருவரும் குருவைத்தான் பின்தொடர்கிறீர்கள் என்று சொல்லிச் சமாதானப்படுத்துவார்கள். அது பாடலின் பொருளோடு ஒத்துப்போவதும் உண்மை. ஆனால் நடை வரிசை ஆண் முன்னே என்று இருப்பதை அந்த விளக்கம் மறைத்துவிடாது. உறுத்துவது உங்கள் தப்பு இல்லை. பக்கத்தில் பக்கத்தில் நடக்க விரும்பும் ஜோடிகள் இருக்கிறார்கள், ஆனால் கிராமத்து குருத்வாராவில் சடங்கு நடக்கும்போது கேட்டால் கிரந்தி சம்மதிப்பது கடினம். முன்கூட்டியே, மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய்ப் பேசுங்கள். மறுத்துவிட்டால், பின்னால் நடப்பதால் பாடல் கேட்காத எதற்கும் நீங்கள் சம்மதித்தவராகிவிட மாட்டீர்கள். சகோதரர்கள் வரிசையாக நின்று உங்களைக் கைகொடுத்துச் சுற்றவைப்பது வெறும் குடும்ப வழக்கம். வேண்டும் என்றால் வையுங்கள், வேண்டாம் என்றால் அண்ணன்மாரை உட்காரச் சொல்லுங்கள்.

அன்றைக்குச் சொதப்பும் இடங்கள் எல்லாக் கல்யாணத்திலும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். கிரந்தி வாசித்துக்கொண்டிருக்கும்போதே யாராவது "எழுந்திரு, எழுந்திரு" என்று கிளப்பிவிடுவார்கள். பாட்டு தொடங்கும்வரை அசையாதீர்கள். அப்புறம் வேகம். குரு கிரந்த் சாகிபை வலக்கைப் பக்கம் வைத்து மெதுவாக, பாடல் முடியும்போது முன்பக்கம் வந்து சேரும் அளவில் நடக்க வேண்டும். வேகமாக நடந்தால் பாதிப் பாட்டில் வந்து நின்று விழிப்பீர்கள். மாப்பிள்ளையிடம் இதை இப்போதே சொல்லிவையுங்கள், வேகத்தை வைப்பவர் அவர்தான். பட்டு வழுக்கும் துணி. பல்லாவை அவர் தோளில் ஊசி குத்திவைக்கச் சொல்லுங்கள். லெஹங்காவின் கனத்தோடு நாலு முறை தரையில் நெற்றி பதித்து எழ வேண்டும் என்பதையும் கடையில் நிற்கும்போதே யோசித்துக்கொள்ளுங்கள். போட்டோ எடுப்பவர் சுற்றும் பாதையில் குறுக்கே நிற்கக் கூடாது என்று அவரிடம் ஒருவார்த்தை.

நாலு சுற்றும் முடிந்து உட்கார்ந்ததும் குரு அமர்தாஸின் ஆனந்த் சாகிபில் முதல் ஐந்தும் கடைசிப் பாடலும் ஓதி, அர்தாஸ் செய்து, குரு கிரந்த் சாகிபைத் திறந்து அதில் வரும் பாடலை ஹுகமாக வாசித்து, கடா பிரசாதம் தருவார்கள். பதிவு மட்டும் தானாக நடக்காது. 2012இல் ஆனந்த் திருமணச் சட்டத்தைத் திருத்தி அதன் கீழேயே பதிவுசெய்ய வழி செய்திருக்கிறார்கள். திருமணம் நடக்கும் இடத்துப் பதிவு அலுவலகத்தில் என்னென்ன ஆவணம் கேட்கிறார்கள் என்று மாப்பிள்ளை வீட்டாரை இப்போதே விசாரிக்கச் சொல்லுங்கள். குருத்வாரா தரும் திருமணச் சான்றிதழை வாங்காமல் சென்னைக்கு ரயில் ஏற வேண்டாம்.